பௌர்ணமிக் கூட்டமும் விளம்பரக் கணக்கும்
விளம்பரத்தின் எண்கணிதம் – 7

இணைய விளம்பரத்துக்குப் பணம் கட்டியவருக்கு மாத இறுதியில் வந்து சேரும் அறிக்கையில் எண்களுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. ஆனால் விளம்பரமே இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்கு அந்த எண்களில் ஒன்றுகூட விடை சொல்வதில்லை. இந்தக் குறை எல்லா ஊர் வணிகத்துக்கும் பொதுவானது என்றாலும் திருவண்ணாமலையில் அது வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. மாதந்தோறும் பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நிறைக்கும் கூட்டம் எந்த விளம்பரத்தைப் பார்த்தும் வருவதில்லை. எனினும் அந்தக் கூட்டம் கைப்பேசியில் அறை தேடும்போது எதிர்ப்படும் விளம்பரங்கள், அதன் வருகையைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்கின்றன.

கிரிவலப் பாதையை ஒட்டி 20 அறைகள் கொண்ட ஒரு விடுதி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். விடுதியும் இனி வரும் அதன் எண்களும் விளக்கத்துக்காகக் கற்பனை செய்யப்பட்டவையே. ஓர் அறைக்கு ஓர் இரவு வாடகை 1,500 ரூபாய்; துணி வெளுப்பு, மின்சாரம், துப்புரவு ஆகியவை போக உரிமையாளர் கையில் நிற்பது 900 ரூபாய். இந்த விடுதி ஒரு மாதம் கூகுள் தேடலில் விளம்பரம் செய்கிறது. அறிக்கையின்படி விளம்பரம் 30,000 முறை திரையில் தோன்றியது, 1,200 பேர் அதை அழுத்தினர், செலவு 10,000 ரூபாய், முன்பதிவு 56.

தோன்றிய ஒவ்வொரு நூறு முறைக்கும் எத்தனை பேர் அழுத்தினர் என்பதே கிளிக் விகிதம். இங்கே அது 4 சதவீதம். மொத்தச் செலவை கிளிக்குகளால் வகுத்தால் ஒரு கிளிக்கின் விலை 8 ரூபாய் 33 காசு. அழுத்தி உள்ளே வந்தவர்களில் எத்தனை சதவீதத்தினர் விளம்பரதாரர் விரும்பிய செயலை, இங்கே முன்பதிவை, செய்து முடித்தனர் என்பது கன்வெர்ஷன் விகிதம், அது 4.67 சதவீதம். ஒரு முன்பதிவுக்கு ஆன செலவு ஏறத்தாழ 179 ரூபாய். கையில் நிற்கும் 900 ரூபாயோடு இதை ஒப்பிட்டு, விளம்பரம் அமோக வெற்றி என்று முடிவுகட்டுவது எளிது. விளம்பர முகவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அறிக்கையை மூடி வைக்கிறார்கள்.

இந்த அளவைகளில் கிளிக் விகிதத்தின் மீது தேவைக்கு மீறிய மதிப்பு வைக்கப்படுகிறது. அழுத்துவதால் விடுதிக்கு ஒரு ரூபாயும் வருவதில்லை, செலவுதான் ஏறுகிறது. ஆயினும் அந்த எண்ணை அடியோடு ஒதுக்கவும் முடியாது. 2002ஆம் ஆண்டு முதல் கூகுள் தன் ஏலத்தில் கேட்புத் தொகையை மட்டுமன்றி, விளம்பரம் அழுத்தப்படும் வாய்ப்பையும் சேர்த்தே இடத்தை முடிவு செய்து வருவதால், தேடுபவருக்குப் பொருத்தமான விளம்பரத்துக்குக் குறைந்த விலையில் நல்ல இடம் கிடைக்கிறது. எனவே கிளிக் விகிதம் என்பது செலவைக் குறைக்கும் ஒரு கருவி. வருமானத்தின் அளவுகோல் அன்று.

ஒரு கிளிக்கின் விலையையும் தனியே வைத்து அதிகம், குறைவு என்று சொல்ல இயலாது. அதற்கான வரம்பைக் கணக்கிடும் முறை எளியது: ஒரு முன்பதிவில் கையில் நிற்கும் தொகையைக் கன்வெர்ஷன் விகிதத்தால் பெருக்க வேண்டும். நூறு பேரில் இருவர் அறை எடுப்பார்கள் என்றால், 900 ரூபாயில் 2 சதவீதமாகிய 18 ரூபாய் வரை ஒரு கிளிக்குக்குக் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் ஒவ்வோர் அறையும் நட்டத்தில் போகும்.

சிக்கல் தொடங்குவது, மொத்த எண்ணைப் பிரித்துப் பார்க்கும்போது. விடுதியின் பெயரையே தட்டச்சு செய்து தேடியவர்களுக்குக் காட்டப்பட்ட விளம்பரம் 2,000 முறை தோன்றி, 400 கிளிக்குகளையும் 40 முன்பதிவுகளையும் 1,200 ரூபாய்க்குப் பெற்றிருக்கிறது. ஊரின் பெயரோடு 'ரூம்', 'லாட்ஜ்' என்று பொதுவாகத் தேடியவர்களுக்குக் காட்டப்பட்டது 28,000 முறை தோன்றி, 800 கிளிக்குகளையும் 16 முன்பதிவுகளையும் 8,800 ரூபாய்க்குப் பெற்றிருக்கிறது. முன்னதில் ஒரு முன்பதிவுக்கு 30 ரூபாய், பின்னதில் 550 ரூபாய். பெயர் விளம்பரத்துக்கே பணம் முழுவதையும் மாற்றிவிடலாம் என்று இந்த எண்கள் தூண்டும். ஆனால் விடுதியின் பெயரைத் தேடுபவர் அதை ஏற்கெனவே அறிந்தவர். முன்பு தங்கியவராகவோ உறவினர் சொல்லி வருபவராகவோ இருப்பார். விளம்பரம் இல்லையென்றால், அதற்குக் கீழே இலவசமாகக் கிடக்கும் அதே விடுதியின் இணைப்பை அழுத்தியிருப்பார்.

இது வெறும் ஊகமன்று. தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் ஆகிய பொருளியலாளர்கள் இபே நிறுவனத்தில் 2012இல் நடத்திய சோதனைகளின் முடிவு 2015இல் 'எக்கனாமெட்ரிகா' ஆய்விதழில் வெளியானது. இபே என்ற பெயரைக் கொண்ட தேடல்களுக்கான விளம்பரத்தை நிறுத்தியபோது, அதனால் இழந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம் இலவச இணைப்புகளின் வழியாக உடனே திரும்பி வந்தன. பொதுச் சொற்களுக்கான விளம்பரத்தை அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் நிறுத்திப் பார்த்தபோது, வழக்கமாக வாங்குபவர்களிடம் மாற்றம் ஏதும் தென்படவில்லை. நிறுவனத்தை அதிகம் அறியாத புதியவர்களிடம்தான் விளம்பரம் வேலை செய்தது. உலகறிந்த நிறுவனத்தின் முடிவைக் கிரிவலப் பாதை விடுதிக்கு அப்படியே பொருத்துவதில் ஓர் எச்சரிக்கை தேவை. அறை முன்பதிவுத் தளங்களோ போட்டி விடுதிகளோ இந்த விடுதியின் பெயருக்கே விளம்பரம் கொடுத்து மேலிடத்தைப் பிடித்திருந்தால், சொந்த விளம்பரத்தை நிறுத்தும்போது சில வாடிக்கையாளர்கள் அப்பக்கம் போய்விடக்கூடும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நிறுத்தி, மொத்த முன்பதிவு குறைகிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். பார்க்க வேண்டியது விளம்பர அறிக்கையை அன்று; வரவேற்பு மேசையில் இருக்கும் பதிவேட்டை.

பொதுத் தேடலில் கிடைத்த 16 முன்பதிவுகளே இனி ஆராயத் தக்கவை. இவற்றை நாள்வாரியாகப் பிரித்தால் வேறொரு காட்சி தெரிகிறது. பௌர்ணமியை ஒட்டிய ஐந்து நாட்களில் 500 கிளிக்குகளுக்கு 6,800 ரூபாய் செலவாகி 10 முன்பதிவுகள் வந்திருக்கின்றன. மற்ற நாட்களில் 300 கிளிக்குகளுக்கு 2,000 ரூபாய் செலவாகி 6 முன்பதிவுகள். ஊரிலுள்ள விடுதிகள் எல்லாம் ஒரே நாட்களுக்காக ஏலத்தில் முட்டி மோதுவதால் பௌர்ணமிக் காலத்தில் ஒரு கிளிக் 13 ரூபாய் 60 காசுக்கு ஏறியது. மற்ற நாட்களில் 7 ரூபாயைக்கூடத் தொடவில்லை. பௌர்ணமி முன்பதிவு ஒன்றுக்கு 680 ரூபாய் என்பது 900 ரூபாய்க்குக் குறைவுதான் என்பதால், தாளில் அது இலாபமாகவே தெரியும். ஆனால் கடந்த பல பௌர்ணமிகளில் அந்த 20 அறைகளும் விளம்பரமின்றியே நிரம்பியதைப் பதிவேடு காட்டுமானால், விளம்பரம் கொண்டுவந்த பத்துப் பேர் வாசலில் வந்து நின்ற வேறு பத்துப் பேரின் இடத்தைப் பிடித்தார்களே தவிர, விடுதியின் வருமானத்தில் ஒரு ரூபாயும் கூடவில்லை. 6,800 ரூபாய் முழுவதும் வீண். நிரம்பிய விடுதிக்கு இருபத்தோராவது அறையை எந்த விளம்பரமும் கட்டித் தர முடியாது.

எதற்குப் பணம் போனது என்பதை இன்னும் நெருங்கிப் பார்க்கக் கூகுள் கணக்கில் ஒரு பகுதி உண்டு: மக்கள் உண்மையில் தட்டச்சு செய்த சொற்களின் பட்டியல். கவனிப்பாரற்றுக் கிடக்கும் பகுதி இது. தெலுங்கு நாட்டிலிருந்து வருவோர் இவ்வூரை அருணாச்சலம் என்றே அழைப்பதால், அச்சொல்லுக்கும் விளம்பரம் கொடுப்பது அறிவுடைய செயலே. ஆனால் பொருத்தத்தைத் தளர்வாக விட்டால், அருணாச்சலப் பிரதேசத்துக்குச் சுற்றுலா போக நினைப்பவரும், 1997இல் வந்த ரஜினிகாந்த் படத்தின் பாடலைத் தேடுபவரும் அதே வலையில் வந்து விழுவார்கள். 'கிரிவலம் நேரம்' என்று தேடுபவர் திதி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று அறிய வந்தவர். இரவே நடந்து முடித்து விடியற்காலைப் பேருந்தில் ஊர் திரும்பும் அவருக்கு அறை தேவையில்லை. இத்தகைய சொற்களை விலக்குச் சொற்களாகச் சேர்த்துவிட்டால், அவற்றைத் தேடுபவருக்கு விளம்பரம் தோன்றாது, பணமும் போகாது.

கன்வெர்ஷன் என்று எதை எண்ணுகிறார்கள் என்பதும் இதனோடு சேர்ந்த கேள்வி. சிறு விடுதிகளில் முன்பதிவு பெரும்பாலும் தொலைபேசியில் நடப்பதால், விளம்பரத்தின் வழியாக வரும் அழைப்பையே கன்வெர்ஷனாகப் பதிவு செய்வதுண்டு. வேறு அளவு குறிப்பிடாவிட்டால், 60 நொடிக்கு மேல் நீடித்த அழைப்பைக் கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கார் நிறுத்த இடம் உண்டா, கோயில் எவ்வளவு தூரம், வாடகையைக் குறைக்க முடியுமா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுபவரின் அழைப்பும் 60 நொடியைத் தாண்டிவிடும். ஆதலால் அழைப்புகளின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர்களோடு மாதம் ஒருமுறை ஒப்பிடாத விடுதியில், அறிக்கையின் கன்வெர்ஷன் விகிதம் வெறும் விசாரணை விகிதமாகவே இருக்கும்.

எஞ்சுவது சாதாரண நாட்களின் 6 முன்பதிவுகள். காலி அறைகள் கிடந்த நாட்களில் வந்தவை என்பதால் இவற்றுக்கு மதிப்பு உண்டு. ஒன்றுக்கு 333 ரூபாய் செலவாகி 567 ரூபாய் மிஞ்சுகிறது. ஆனால் 300 கிளிக்குகளில் 6 என்பது சிறிய எண். அடுத்த மாதம் இதே விளம்பரத்துக்கு 3 முன்பதிவு வந்தாலும் 10 வந்தாலும் அதைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். மூன்று நான்கு மாதங்களின் எண்களைச் சேர்த்த பிறகே 2 சதவீதம் என்பதை நம்பலாம். அப்படிச் சேர்க்கும்போது கார்த்திகைத் தீபம் வரும் மாதத்தைத் தனியே வைப்பது அவசியம். மகாதீபத்துக்கு வரும் கூட்டத்தையும் சாதாரண மாதத்தையும் ஒரே சராசரியில் கலந்தால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

பெயர்த் தேடலின் 40 முன்பதிவுகள் எப்படியும் வந்திருக்கக்கூடியவை. பௌர்ணமியின் 10 எப்படியும் நிரம்பியிருக்கும் அறைகள். அறிக்கை 56 என்று சொன்ன அந்த மாதத்தில் விளம்பரம் கொண்டுவந்தது என்று துணிந்து சொல்லக்கூடியவை 6 அறைகள். அவற்றால் கையில் நின்றது 5,400 ரூபாய், விளம்பரத்துக்குப் போனது 10,000.