கலர் போகாத கவரிங் காதைப் புண்ணாக்குவது ஏன்?

ஒரு வருடம் கலர் போகாது என்று கியாரண்டி கொடுத்து விற்கப்படும் கவரிங் தோடு, போட்ட இரண்டாம் நாளே காது மடலில் அரிப்பைக் கிளப்புவது உண்டு. தோட்டைப் பார்த்தால் வாங்கியபோது இருந்த அதே பளபளப்பு. "கலர் அப்படியே இருக்கிறதே, நகையில் என்ன குறை இருக்கும்?" என்று வீட்டில் கேட்பார்கள். நிறம் நிற்பதும் தோலுக்கு ஒத்துப்போவதும் ஒரே தரத்தின் இரண்டு அடையாளங்கள் என்று நம்புவதால் வருகிற கேள்வி இது. இரண்டும் வேறு வேறு. சில நகைகளில், நிறத்தைக் காக்கும் பொருளே தோலுக்கு எதிரியாகவும் இருக்கிறது. அந்தப் பொருள் நிக்கல்.

கவரிங் நகையின் உடம்பு பெரும்பாலும் செம்பு அல்லது பித்தளை. அதன் மேல் நேராகத் தங்க முலாம் பூசினால், செம்பின் அணுக்கள் மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் ஊடுருவி மேற்பரப்புக்கு வந்துவிடும். அங்கே காற்றும் வியர்வையும் பட்டுக் கறுக்கும். நகை பல்லிளிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதைத் தடுக்க, செம்புக்கும் தங்கத்துக்கும் நடுவே நிக்கலைச் சுவர்போலப் பூசுகிறார்கள். நிக்கல் விலை குறைவு, கடினமானது, சொரசொரப்பை நிரவிப் பளபளப்பையும் கூட்டும். முலாம் பட்டறையின் கண்ணோட்டத்தில் அதைவிட நல்ல அடிப்பூச்சு கிடைப்பது அரிது. ஆனால் மேலே இருக்கும் தங்கம் மெலிதாக இருந்தால், அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியே வியர்வையின் உப்பு நிக்கலைத் தொடும். கரைந்த நிக்கல் தோலுக்குள் இறங்கும். நகையின் நிறம் மாறியிருக்கவே மாறியிருக்காது.

நிக்கல் ஒவ்வாமை எல்லோருக்கும் வருவதில்லை. காது குத்திய புண் ஆறுமுன் நிக்கல் கசியும் தோட்டைப் போடுவது, அது தொடங்குவதற்கான முக்கிய வழிகளில் ஒன்று. ஒருமுறை உடம்பு நிக்கலை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டால், பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது. அரிப்பு உடனே வராமல் ஒன்றிரண்டு நாள் கழித்துத் தலைகாட்டுவதால், கல்யாணத்துக்குப் போட்ட நகையை விட்டுவிட்டுப் புதுச் சோப்பின்மேல் பழி போடுவதும் நடக்கிறது. தோல் பச்சையாவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது செம்பின் உப்பு, கழுவினால் போய்விடும். நகை பட்ட இடம் சிவந்து, தடித்து, பொடிப்பொடியாகக் கொப்புளித்து, நீர் கசிந்தால் நிக்கலைச் சந்தேகிக்கலாம். தோல் மருத்துவர் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை அதை உறுதிசெய்யும்.

ஆகவே நகைக்குள் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான் முக்கியம். ஐரோப்பியச் சட்டம் இந்த முடிவுக்குப் படிப்படியாக வந்தது. 1994இல், குத்திய காது ஆறும் வரை போடும் தண்டுகளுக்கு உள்ளடக்க வரம்பைத்தான் வைத்தார்கள். 2004இல் அதை மாற்றி, காதுத் துளைக்குள் போகும் பாகம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலைக் கசியவிடக்கூடாது என்றார்கள். தோலை நெடுநேரம் தொடும் மற்ற நகைகளுக்கு வரம்பு 0.5 மைக்ரோகிராம். முலாம் பூசிய நகை என்றால், வழக்கமாக அணியும்போது குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முலாம் அந்த வரம்பைக் காக்க வேண்டும். ஸ்டீல் தோட்டில் நிக்கல் இருக்கிறதே, அது எப்படிப் பலருக்கு ஒத்துக்கொள்கிறது என்று கேட்கலாம். 316எல் வகை ஸ்டீலில் பத்து சதவீதத்துக்கு மேல் நிக்கல் உண்டு. ஆனால் அதன் மேல் தானே உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம் நிக்கலைப் பூட்டிவைத்திருக்கிறது. ஆக்சிடைஸ்டு நகைக்கு அதிகம் பயன்படும் ஜெர்மன் சில்வர் இதற்கு நேர் எதிர். பெயரில்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பு, துத்தநாகம், நிக்கல். பூட்டும் கிடையாது.

இனி முலாமின் கனம். 'ஒரு கிராம் தங்கம்' என்ற பெயரில் விற்கும் ஒரு வளையலை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 6 சென்டிமீட்டர், அகலம் 6 மில்லிமீட்டர், தடிமன் 2 மில்லிமீட்டர் என்றால் மொத்த மேற்பரப்பு சுமார் 30 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு மைக்ரான் கனத்துக்குத் தங்கம் பூச 1.93 மில்லிகிராம் வேண்டும். ஆக, 0.2 மைக்ரான் முலாமுக்குச் செலவாகும் தங்கம் 12 மில்லிகிராம்கூட இல்லை. ஒரு மைக்ரானுக்கு 58 மில்லிகிராம். உண்மையிலேயே ஒரு கிராம் பூசினால் கனம் 17 மைக்ரானாகிவிடும், வளையலின் விலையும் ஒரு கிராம் தங்கத்தின் விலையைத் தாண்டிவிடும். எனவே அந்தப் பெயர் அளவைச் சொல்வதில்லை. கடையில் கேட்க வேண்டியது மைக்ரான் கணக்கு. என்றோ ஒருநாள் போடும் ஆரத்துக்கு மெல்லிய பூச்சே போதும். இரவும் பகலும் கழுத்தில் கிடக்கும் கவரிங் தாலிச் செயினுக்கு அது போதாது. வியர்வையும் உராய்வும் சேர்ந்து பிடரிப் பக்கத்தையும் கொக்கியையும்தான் முதலில் தேய்க்கும்.

கனமான முலாம் இருந்தால் நிக்கல் அடிப்பூச்சைப் பற்றிக் கவலை வேண்டாமே என்பது நியாயமான எதிர்வாதம். ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு அது பொருந்தும். ஏற்கெனவே இருப்பவர்களுக்குப் பொருந்தாது. எந்த முலாமும் ஓரத்தில் தேயும், தேய்ந்த இடத்தில் நிக்கல் நேரே தோலைத் தொடும். ரோடியம் பூசிய வெள்ளை நகைக்கும் இதே கதிதான், அடியில் நிக்கல் இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஏற்றது செம்பு, வெள்ளீயம், துத்தநாகம் கலந்த வெள்ளை வெண்கலமோ பல்லேடியமோ அடிப்பூச்சாக உள்ள நகை, அல்லது டைட்டானியத் தண்டு வைத்த தோடு. அவற்றுக்கு விலை கொஞ்சம் கூடும். சோதிக்க ஒரு வழியும் உண்டு. டைமெத்தில்கிளையாக்சைம் கலந்த சோதனைக் கரைசலில் பஞ்சை நனைத்து நகையில் அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். புது நகையின் முகப்பில் தேய்த்துவிட்டு நிறம் வரவில்லை என்று நிம்மதியடையக்கூடாது. தண்டு, திருகாணி, கொக்கியின் உட்புறம் ஆகிய இடங்களில் தேய்க்க வேண்டும். சில மாதம் போட்டபின் மறுபடி பார்க்க வேண்டும். காந்தம் உதவாது, ஜெர்மன் சில்வர் காந்தத்தில் ஒட்டாது. கசிவைத் தடுக்க நெயில் பாலிஷ் பூசினால் அது சில நாள் தாங்கும், அவ்வளவுதான்.

கியாரண்டியையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். "தண்ணீர், வியர்வை, சென்ட் பட்டால் கியாரண்டி இல்லை" என்று பில்லின் பின்பக்கம் அச்சிட்டிருந்தால், அந்தக் கடை எதற்கும் பொறுப்பேற்கவில்லை. நம் ஊர் வெயிலில் வியர்க்காத கழுத்து எது? கல் உதிர்ந்தால் மாற்றித் தருவதையும் கலர் போனால் மாற்றித் தருவதையும் ஒன்றாக எண்ணக்கூடாது. உண்மையாகப் பொறுப்பேற்கும் வியாபாரி நகையின் பெயர், முலாமின் மைக்ரான், கியாரண்டி தொடங்கும் தேதி ஆகியவற்றைப் பில்லில் எழுதித் தருவார். கறுத்தால் மறுமுலாம் இலவசமா, கட்டணம் எவ்வளவு என்பதை வாங்கும்போதே சொல்வார். அடிப்பூச்சு என்ன என்று கேட்டால் பட்டறையில் விசாரித்தாவது பதில் தருவார். தோலுக்கு ஒத்துக்கொள்ளும் என்று வாயால் மட்டும் சொல்பவரிடம் 'நிக்கல் இல்லை' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால், காதில் போடும் எதையும் அங்கே வாங்காதீர்கள். எழுதித் தந்தபின் கைவிரித்தால், அந்தப் பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.