அக்டோபரில் ஓடத் தொடங்கிய இயந்திரம்

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலை. கருப்பு அரிசியைக் கேமரா கண்டுபிடித்து ஊதித் தள்ளும் கலர் சார்ட்டர் ஒன்றை 21 லட்ச ரூபாய்க்கு வாங்கி, அக்டோபர் 1-ஆம் தேதி ஓட்டத் தொடங்குகிறார் உரிமையாளர் என்று வைத்துக்கொள்வோம். சுத்தமான அரிசிக்குக் கிடைக்கும் கூடுதல் விலையால் ஆண்டுக்கு 6 லட்சம் மிஞ்சும், இயந்திரம் 5 ஆண்டு உழைக்கும் என்பது அவர் மதிப்பீடு. போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதமாவது கிடைக்க வேண்டும். வாங்கியது சரிதானா?

கணக்கு வருடம் மார்ச் 31-இல் முடிவதால் முதல் வருடத்தில் ஆறே மாதம்தான் இயந்திரம் ஓடுகிறது. வரவு 3 லட்சம். அடுத்த நான்கு வருடங்களும் 6 லட்சம் வீதம், கடைசி வருடத்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மீதி 3 லட்சம். ஐந்தாண்டு இயந்திரம் ஆறு கணக்கு வருடங்களில் பரவிக்கிடக்கிறது.

இந்த ஆறு தொகைகளையும் எக்செல்லில் NPV என்ற சூத்திரத்துக்குள் போட்டால், அது முதல் தொகை ஒரு முழு ஆண்டு கழித்து வருவதாகவும் இரண்டாவது இரண்டு ஆண்டு கழித்து வருவதாகவும் எடுத்துக்கொள்ளும். வரவுகளின் இன்றைய மதிப்பு 20.47 லட்சம் என்று காட்டும். 21 லட்சத்துக்கு அது பற்றாது. அரை லட்சத்துக்கு மேல் நஷ்டம்.

ஆனால் மார்ச் 31 என்பது அக்டோபர் 1-இலிருந்து அரை ஆண்டுதான். எனவே முதல் 3 லட்சத்தை 1.12-ஆல் அல்ல, 1.12-இன் அரைப் படியால் வகுக்க வேண்டும். 1.12^0.5 = 1.0583. அதாவது அரை ஆண்டின் வட்டி 5.83 சதவீதம். பன்னிரண்டில் பாதி ஆறு என்று போட்டுவிடத் தோன்றும். ஆனால் 6 சதவீதம் இரண்டு முறை ஏறினால் ஆண்டுக்கு 12.36 ஆகிவிடும். இதன்பின் வரும் தொகைகளுக்குப் படிகள் 1.5, 2.5, 3.5, 4.5, கடைசித் துண்டு செப்டம்பரில் முடிவதால் அதற்குச் சரியாக 5. இப்படிப் போட்டால் இன்றைய மதிப்பு 21.76 லட்சம். நஷ்டக் கணக்கு 76 ஆயிரம் ரூபாய் லாபமாகிறது. இயந்திரமும் வரவும் அதேதான். தேதி மட்டும்தான் சரியாகியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஆலைக்குப் பணம் மார்ச் 31 அன்று மொத்தமாக வருவதில்லை, மாதாமாதம் வருகிறது. அதனால் ஒவ்வொரு காலத்தின் நடுவிலும் பணம் வந்ததாகக் கொள்வது நியாயம். ஆறு மாதத் துண்டின் நடு 0.25. அடுத்த வருடத்தின் நடு எது? 0.25-உடன் ஒன்றைக் கூட்டி 1.25 என்று எழுதுகிறவர்கள் பலர். அது தவறு. துண்டின் அரை ஆண்டு முடிந்தபின் அரை ஆண்டு போனால் நடு வந்துவிடும்: 0.5 + 0.5 = 1. பிறகு 2, 3, 4. கடைசித் துண்டுக்கு 4.75. இம்முறையில் இன்றைய மதிப்பு 22.89 லட்சம்.

படிகளைக் கையால் எழுதத் தயங்கினால் தேதிகளையே கொடுத்துவிடலாம்:

```
=XNPV(12%, B1:B7, A1:A7)
```

A பத்தியில் தேதிகள், B பத்தியில் தொகைகள். B1-இல் −21 லட்சம், A1-இல் அக்டோபர் 1. அந்த முதல் தேதியிலிருந்து நாட்களை எண்ணி 365-ஆல் வகுத்துக்கொள்ளும்.

முதல் துண்டின் வரவு எவ்வளவு என்பதில்தான் எனக்கு அதிகச் சந்தேகம். ஆறு மாதம் என்பதால் பாதி என்று போடுவது டெல்டாவில் பொருந்தாது. சம்பா, தாளடி அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஆலை மும்முரமாக ஓடும் மாதங்கள் இந்தத் துண்டுக்குள்ளேயே விழுகின்றன. முதல் துண்டில் 4 லட்சமும் கடைசித் துண்டில் 2 லட்சமும் என்று மாற்றினால் மொத்தம் 30 லட்சம்தான். ஆனால் ஒரு லட்சம் நாலரை ஆண்டு முன்னதாகக் கைக்கு வருகிறது. ஆண்டு முடிவுக் கணக்கில் அதன் மதிப்பு ஏறத்தாழ 38 ஆயிரம். 

இதுவரை பார்த்தது வரிக்கு முந்தைய கணக்கு. வருமான வரித்துறை இந்தப் பின்னங்களை எல்லாம் பார்க்காது; அதற்கு 180 நாள் என்ற ஒரே கோடு. வாங்கிய வருடத்தில் இயந்திரம் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் தேய்மானம் பாதிதான். சாதாரண இயந்திரங்களுக்கு 15 சதவீதம் என்றால் 21 லட்சத்தில் 3.15 லட்சம் கழிக்கலாம். கோட்டைத் தாண்டவில்லை என்றால் 1.575 லட்சம். கழிக்காத மீதி தொலைந்துபோகாது, அடுத்தடுத்த வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். அதற்குள் அதன் மதிப்பு தேய்ந்துவிடும். லீப் பிப்ரவரி இல்லாத வருடத்தில் கடைசி நாள் அக்டோபர் 3. மெக்கானிக் வர இரண்டு நாள் தாமதமானாலும் நம் ஆலைக்காரர் தப்பிவிடுவார். மூன்று நாள் ஆனால் இல்லை.