எவ்வளவு விற்றால் கையைக் கடிக்காது?

வைகாசி விசாகத் தேர் சமயத்தில் நம் திருச்செங்கோட்டுக் கடைவீதியில் வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் மொத்த வியாபாரிக்குப் பணம் கட்ட முடியாமல் சிலர் திணறுகிறோம். விற்பனை கூடியும் பணம் எங்கே போனது? இதற்கு விடை காண, செலவை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும்.

கடையைத் திறந்தாலும் மூடினாலும் ஆகும் செலவு நிலையான செலவு. உதாரணமாக ஒரு மளிகைக் கடைக்கு மாத வாடகை 12,000, இரண்டு ஆட்கள் சம்பளம் 24,000, மின் கட்டணம் 3,000, வங்கி வட்டி 4,000, இதர செலவு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறோம். முதலாளியின் வீட்டுச் செலவுக்கு எடுக்கும் 15,000 ரூபாயையும் சேர்த்தால்தான் கணக்கு சரியாகும். ஆக மொத்தம் 60,000 ரூபாய். சொந்தக் கட்டடமானாலும் வாடகையை எழுதத்தான் வேண்டும். வெளியே விட்டால் அந்த வாடகை நமக்கு வந்திருக்கும் அல்லவா?

சரக்கு விற்க விற்கக் கூடுவது மாறும் செலவு. 100 ரூபாய் விற்பனையில் கொள்முதல் 86, லாரி வாடகையும் இறக்குக் கூலியும் 1, பை, சேதாரம் 1 என 88 ரூபாய் போகிறது. மீதி 12 ரூபாய்தான் நிலையான செலவை அடைக்க வரும் பங்களிப்பு. (ஜி.எஸ்.டி.யை விற்பனையில் சேர்க்கக் கூடாது. அது நம் பணம் அல்ல.)

60,000 ரூபாயை அடைக்க, இப்படி 5,000 நூறு ரூபாய்ச் சரக்கு விற்க வேண்டும். அதாவது மாதம் 5 லட்சம் ரூபாய் விற்பனை. இதுதான் லாபமும் நட்டமும் இல்லாத நிலை. இதற்கு மேல் விற்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 12 ரூபாய் லாபம்.

எதிர்க்கடைக்காரர் விலையைக் குறைத்தார் என்று நாமும் நூற்றுக்கு 2 ரூபாய் குறைத்தால் என்ன ஆகும்? மிஞ்சுவது 10 ரூபாய். இப்போது 6,000 நூறு ரூபாய்ச் சரக்கு விற்றாக வேண்டும். விலைக் குறைப்பு 2 சதவீதம்தான்; கூடுதலாக விற்க வேண்டிய சரக்கோ 20 சதவீதம்! அவ்வளவு வாடிக்கையாளர் புதிதாக வருவார்களா என்று பார்த்தபின் குறைக்கலாம்.

இன்னொரு விஷயம். 12 ரூபாய் என்பது சராசரி. அரிசி, சர்க்கரை, எண்ணெயில் நூற்றுக்கு 6 ரூபாயும், மசாலா, பருப்பு போன்றவற்றில் 18 ரூபாயும் நிற்பதாகக் கொண்டால், இரண்டும் பாதிப் பாதி விற்கும்போதுதான் 12 வரும். பண்டிகை மாதத்தில் அரிசி, எண்ணெய் மூன்றில் இரண்டு பங்கு ஆனால் சராசரி 10 ரூபாய்க்கு இறங்கிவிடும். அப்போது ஐந்தரை லட்சத்துக்கு விற்றாலும் கிடைப்பது 55,000 ரூபாய்தான். கல்லா நிறைந்தும் 5,000 ரூபாய் நட்டம்.

ஆகவே சரக்கை இரண்டு இனமாகப் பிரித்துச் சிட்டையில் தனித்தனியாக விற்பனையை எழுதி வருவோம். வாடகையோ சம்பளமோ மாறும்போது கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். கூடுதலாக ஓர் ஆளை 12,000 ரூபாய்க்கு வைத்தால், மாத விற்பனை இன்னும் ஒரு லட்சம் கூடினால்தான் அவர் சம்பளமே அடைபடும்.