பிறைச் செய்தியைக் காதுக்கு எழுதுதல்

ரமழான் இருபத்தொன்பதாம் நாள் மஃரிபுக்குப் பின்னர் மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை எல்லா வீடுகளிலும் ஒரே கேள்விதான். "நாளைக்கு நோன்பா, பெருநாளா?" தையல் கடைக்காரருக்கும் இறைச்சிக் கடைக்காரருக்கும், சஹருக்கு அரிசி ஊறப்போடும் உம்மாவுக்கும் விடை உடனே வேண்டும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு தெரிந்ததே. கைபேசி வந்த பிறகும் வானொலிச் செய்திக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

ஆனால் செய்தி அறிக்கையாக எழுதப்படும் வசனம் பெரும்பாலும் கண்ணுக்கு எழுதப்பட்டது. அதை அப்படியே வாசித்தால் என்ன ஆகும், எப்படி மாற்றலாம் என்று பார்ப்போம். உதாரணத்துக்காக, வழக்கமான அறிக்கை நடையில் ஒரு வசனத்தை நானே அமைத்திருக்கிறேன். ரமழான் 29 ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம்.

"ஷவ்வால் மாதத்திற்கான தலைப்பிறை ஞாயிற்றுக்கிழமை மாலை நாட்டின் எப்பாகத்திலும் தென்படாமையினால் புனித ரமழான் மாதத்தை முப்பதாகப் பூர்த்தி செய்து எதிர்வரும் செவ்வாய்க்கிழமை நோன்புப் பெருநாளைக் கொண்டாடுவதென, கொழும்பு பெரிய பள்ளிவாசலில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா மற்றும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம் ஆகியவற்றின் பிரதிநிதிகளின் பங்குபற்றுதலுடன் இடம்பெற்ற தலைப்பிறையைத் தீர்மானிக்கும் மாநாட்டில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டுள்ளதாக அறிவிக்கப்பட்டுள்ளது."

இலக்கணத்தில் பிழை இல்லை. நாற்பதுக்கு மேற்பட்ட சொற்கள், ஒரேயொரு முற்றுவினை. அந்த வினை கடைசிச் சொல்லாக நிற்கிறது. எச்சம் எச்சமாகக் கோத்துக்கொண்டு போவது தமிழ் வசனத்தின் இயல்பு. பத்திரிகையில் அது பெரிய தொல்லையில்லை. விளங்காவிட்டால் கண் திரும்பி மேலே போகும். காதுக்குத் திரும்பிப் போக வழியில்லை.

முதலில் கவனிக்க வேண்டியது 'தென்படாமையினால்' என்ற சொல். இதன் எதிர்ச்சொல் 'தென்பட்டமையினால்'. எழுத்தில் இரண்டும் வேறு வேறு. வாசிக்கும்போது வித்தியாசம் சொல்லின் நடுவில், ஓர் அசையில் மட்டும் இருக்கிறது. 'டா' என்று மெலிந்து நீளுகிறதா, 'ட்ட' என்று அழுத்திக் குறுகுகிறதா என்பதே பேச்சு. அலைவரிசை இரைந்தாலோ, அடுப்படியில் சட்டி சத்தம் போட்டாலோ அந்த அசை போய்விடும். மறுநாள் நோன்பா இல்லையா என்பதற்கான காரணமே அந்த ஓர் அசையில் தொங்குகிறது. 'தென்படவில்லை' என்று முற்றாக எழுதினால், மறுப்பு 'இல்லை' என்ற முழுச் சொல்லாக வசனத்தின் முடிவில் வந்து நிற்கும். நிறுத்தத்துக்கு முன்னால் வருவதால் காது அதைத் தவறவிடாது.

இரண்டாவது, 'செவ்வாய்க்கிழமை நோன்புப் பெருநாள்' என்ற தொடர். காது ஒவ்வொரு சொல்லாகத்தான் வாங்குகிறது. 'செவ்வாய்க்கிழமை நோன்பு' என்பதுவரை கேட்டவர் அன்றைக்கும் நோன்பு என்று எடுத்துவிடுவார். பிறகு வரும் 'பெருநாள்' அவரை மாற்ற வேண்டும். வரிசையைத் திருப்பி 'பெருநாள், செவ்வாய்க்கிழமை' என்றால் அந்தக் குழப்பமே எழாது.

மூன்றாவது, நாக்கு. 'தீர்மானிக்கும் மாநாட்டில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டுள்ளதாக அறிவிக்கப்பட்டுள்ளது' என்பதைச் சத்தமாக இரண்டு தடவை வாசித்துப் பாருங்கள். 'தீர்மானி' இரண்டு முறை, 'க்கப்பட்டுள்ள' இரண்டு முறை. வல்லினம் இரட்டித்து வந்து உடனே ளகரம் இரட்டிக்கிறது. வாசிப்பவர் ஒன்றில் இடறுவார், அல்லது 'பட்டுள்ளதாக' என்பதை விழுங்கிவிடுவார். 'முடிவு செய்தது' என்றால் அதே பொருள். யார் செய்தது என்பதும் தெளிவாகும்.

'முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம்' என்பதும் நாவைப் புரட்டும் தொடர்தான். ஆனால் அது பெயர், அதைச் சுருக்க நமக்கு உரிமையில்லை. செய்யக்கூடியது ஒன்றே: அதற்கு முன்னால் ஒரு நிறுத்தம் வைத்து, பின்னால் சிறிய சொற்களைப் போடுவது. வாசிப்பவர் புது மூச்சோடு அந்தப் பெயருக்குள் போவார்.

இனி மாற்றி எழுதலாம்.

"பிறை பற்றிய அறிவிப்பு. / நாளை திங்கட்கிழமையும் நோன்பு. / பெருநாள், செவ்வாய்க்கிழமை. // ஷவ்வால் தலைப்பிறை, இன்று மாலை நாட்டின் எந்தப் பகுதியிலும் தென்படவில்லை. / அதனால் ரமழான், முப்பது நாட்களாகப் பூர்த்தி செய்யப்படுகிறது. // கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடிய பிறை மாநாடு, / ஏகமனதாக இந்த முடிவை எடுத்தது. / அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் பிரதிநிதிகளும், / முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் பிரதிநிதிகளும் / மாநாட்டில் பங்குபற்றினர்."

ஒற்றைக் கோடு சிறு நிறுத்தம், இரட்டைக் கோடு முழு மூச்சு. 'பிறை பற்றிய அறிவிப்பு' என்ற முதல் வரியில் புதுச் செய்தி எதுவுமில்லை. இருந்தாலும் அது வேண்டும். பேச்சை நிறுத்திக் காதைத் திருப்புவதற்குக் கேட்பவருக்கு ஒரு கணம் தேவை. முடிவையே முதல் சொல்லாக வைத்தால் அந்தச் சொல்தான் தவறிப்போகும்.

'ஏகமனதாக இந்த முடிவை' என்று எழுதியதிலும் ஒரு காரணம் உண்டு. 'ஏகமனதாகத் தீர்மானித்தது' என்று எழுதி, நடுவில் மூச்சுக்காக நின்றால் 'த்' என்ற ஒற்று அந்தரத்தில் தொங்கும். புணர்ச்சி இரண்டு சொற்களும் சேர்ந்து ஒலிப்பதால் வருவது. நிறுத்தம் விழும் இடத்தில் வல்லினம் மிக வேண்டியதில்லை. உயர்தர வகுப்பில் ஒற்றுப் பிழைக்குப் புள்ளி வெட்டும் நான் இதைச் சொல்வது பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் வானொலிப் பிரதி வாசிப்பவரின் மூச்சுக்கு எழுதப்படுவது.

வகுப்பில் இந்தப் பயிற்சியைக் கொடுத்தபோது ஒரு மாணவி 'பிறையை யாரும் காணவில்லை' என்று எழுதினார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் யாராவது ஓர் ஊரில் கண்டதாகச் சொல்லி, அந்தச் சாட்சியம் ஏற்கப்படாமலும் இருந்திருக்கலாம். மூலத்தில் உள்ள சொல் 'தென்படுதல்'. வசனத்தை உடைக்கலாம், தீர்ப்பின் சொல்லை மாற்றக்கூடாது. 'ஏகமனதாக' என்பதையும் அதற்காகவே விட்டுவைத்தேன். கருத்து வேறுபாடு இருந்ததா என்ற கேள்விக்கு அந்த ஒரு சொல்தான் பதில்.

கிழமைப் பெயரில் இன்னுமொரு பொறி உண்டு. நம் ஊர்களில் 'வெள்ளிக்கிழமை ராவு' என்றால் வியாழன் மஃரிபுக்குப் பின் வரும் இரவு. செய்தியறையிலோ அது வெள்ளி பகலுக்குப் பிந்திய இரவு. ஆகவே கிழமைப் பெயரோடு 'இரவு' என்ற சொல்லைச் சேர்க்காமல் 'இன்றிரவு', 'இன்று மாலை' என்றே எழுத வேண்டும். பகலுக்கு மட்டும் 'நாளை திங்கட்கிழமை' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம். சஹர் நேரத்துச் செய்தியில் அதே பிரதியை வாசிப்பதானால், 'நாளை' 'இன்று' ஆகவும், 'இன்று மாலை' 'நேற்று மாலை' ஆகவும் மாற வேண்டும். பிரதியின் தலையில் எந்த நேரச் செய்திக்கு உரியது என்று குறித்து வைத்தால் இது தவறாது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பவர்களுக்கும் இதே பிரதி உதவும். அங்கே எதிரொலியும் சேர்கிறது, பக்கத்துப் பள்ளியின் சத்தமும் குறுக்கிடுகிறது. நாற்பது சொல் வசனம் தெருமுனைக்குப் போவதற்குள் கரைந்துவிடும். 'நாளை திங்கட்கிழமையும் நோன்பு' என்ற மூன்று சொற்கள் போய்ச் சேரும். அவற்றை மட்டும் அறிவிப்பின் முடிவில் இன்னொரு தடவை வாசித்தால் போதும்.