'மற்றன்னாள் தராம்': நீண்ட வாட்ஸ்ஆப் உரையாடலிலிருந்து நிலுவைப் பணிகளைத் தேதிவாரியாகத் தொகுப்பது எப்படி?

திருவனந்தபுரம்: குடியிருப்போர் சங்கம், கோயில் விழாக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு என எதுவாயினும், கேரளத் தலைநகரில் இன்று பெரும்பாலான பொதுப்பணிகள் வாட்ஸ்ஆப் குழுக்களிலேயே பேசி முடிக்கப்படுகின்றன. யார் எவ்வளவு தருவதாகச் சொன்னார், எந்த நாளுக்குள் எதைச் செய்வதாக ஏற்றார் என்பவை அனைத்தும் வாழ்த்துப் படங்களுக்கும் நன்றிகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கும். அக்குழுவில் இல்லாத ஒருவரிடம் அந்த உரையாடலின் நீண்ட ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, 'இதில் பாக்கி என்ன என்று எழுதித் தாருங்கள்' என்று கேட்கும் வழக்கமும் பெருகியுள்ளது. கேட்பது எளிது. தமிழர் ஒருவர் மலையாள உரையாடலைப் படித்துப் பட்டியல் எழுதும்போது பிழை நேர எத்தனை வாய்ப்புகள் உள்ளன என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காணலாம்.

ஆற்றுக்கால் பகவதி அம்மன் கோயிலின் பொங்கால விழா 2025ஆம் ஆண்டில் மார்ச் 13, வியாழக்கிழமை அன்று நடைபெற்றது. பொங்கலிட வரும் பெண்களின் அடுப்புகள் கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தொலைவுக்குத் தெருவோரங்களில் நீளும். அத்தெருக்களில் வசிப்போர் மோரும் குடிநீரும் உணவும் வழங்குவர். அத்தகைய ஒரு தெருவின் 12 வீட்டார் நடத்தும் குழுவின் உரையாடலை எடுத்துக்கொள்வோம். உரையாடல் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டது. விழாவும் நாட்காட்டியும் உண்மையானவை. ஸ்கிரீன்ஷாட் மார்ச் 10, திங்கட்கிழமை அன்று நம் கைக்கு வந்தது என்று கொள்வோம்.

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, இந்தப் படம் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதே. வாட்ஸ்ஆப்பில் ஒவ்வொரு செய்தியின் ஓரத்திலும் நேரம் மட்டுமே இருக்கும், தேதி இராது. தேதி, செய்திகளுக்கு நடுவே சிறு பட்டையாக வரும். அண்மை நாட்களுக்கு அப்பட்டையில் தேதிக்கு மாறாக Today, Yesterday என்றும், அதற்கு முந்தைய சில நாட்களுக்குக் கிழமைப் பெயர் மட்டும் எனவும் காட்டப்படும். படம் எடுத்த நொடியில் அச்சொற்கள் உறைந்துவிடுகின்றன. திங்களன்று படத்தைப் பார்ப்பவர் Yesterday என்பதை ஞாயிறு என்று எழுதினால், பட்டியல் முழுவதும் தவறிவிடும்.

கோப்பின் பெயரைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் `Screenshot_20250308` என்பதுபோல் எடுத்த நாளே பெயராக அமைவது உண்மைதான். ஆனால் அதே படத்தை வாட்ஸ்ஆப் வழியே சாதாரணப் படமாக அனுப்பும்போது, பெறுபவரின் கைபேசியில் அது `IMG-20250310-WA0012` என்பதுபோல் வேறு பெயரில் சேமிக்கப்படுகிறது. அதில் உள்ளது கைக்கு வந்த நாள். எடுத்த நாள் அன்று. படத்தின் உச்சியில் தெரியும் கடிகாரமும் 9:14 என்று நேரத்தை மட்டுமே சொல்லும்.

எனவே விடையைப் படத்துக்குள்ளேயே தேட வேண்டும். நமது எடுத்துக்காட்டில் பட்டைகள் Tuesday, Wednesday, Thursday, Yesterday, Today என்ற வரிசையில் உள்ளன. குழுவினர் நாள்தோறும் பேசியிருந்தால் Yesterday வெள்ளி, Today சனி. ஆயினும் இடையில் ஒரு நாள் யாரும் பேசாதிருந்தால் அந்நாளுக்குப் பட்டையே தோன்றாது என்பதால், இது ஊகமே. அதை உறுதிப்படுத்தும் சான்று இன்னொன்று வேண்டும். Today பட்டையின் கீழே ஒருவர் மகளிர் தின வாழ்த்துப் படம் இட்டுள்ளார். மற்றொருவர் 'இனி அஞ்சு திவசம்' என்று எழுதியுள்ளார். மகளிர் தினம் மார்ச் 8. பொங்கால 13ஆம் தேதிக்கு அன்றிலிருந்து ஐந்து நாட்கள். இரண்டும் சனிக்கிழமையையே காட்டுகின்றன. பயனற்றவை என்று நாம் தள்ளிவிடும் வாழ்த்துப் படங்கள் இங்கே நாட்காட்டியாக உதவுகின்றன.

இப்போது மார்ச் 6, வியாழன் இரவு 9:40க்கு ஒரு வீட்டார் எழுதிய செய்தியைப் பார்ப்போம்: 'ஞான் மற்றன்னாள் தராம்.' தமிழ்க் காதுக்கு இது 'மறுநாள் தரலாம்' என்று கேட்கும். அதாவது வெள்ளிக்கிழமை, அதுவும் தந்தாலும் தரலாம் என்ற அளவில். இரண்டுமே பிழை. மலையாளத்தில் மற்றன்னாள் என்பது நாளை மறுநாள், ஆகவே சனிக்கிழமை. 'தராம்' என்பது தன்மையில் வரும்போது 'தருகிறேன்' என்னும் வாக்கு. தரக்கூடும் என்ற ஐயத்தைச் சொல்ல மலையாளத்தில் 'தந்நேக்காம்' என்ற வேறு வடிவம் உண்டு. ஒரே வரியில் தேதியும் பிழைத்து வாக்கும் நழுவிவிடக்கூடிய இடம் இது.

ஆனால் 'ஆம்' என முடிவதெல்லாம் வாக்காகிவிடாது. புதனன்று ஒருவர் 'டாங்கர் ஏற்பாடு செய்யணம்' என்கிறார். அடுத்தவர் 'நோக்காம்' என்கிறார். இது 'பார்க்கலாம்' என்ற தமிழ்ச் சொல்லைப் போன்றதே. கேட்பவர் நம்பிக்கையுடன் நகர்ந்துவிடுவார். சொன்னவரோ எதையும் ஏற்கவில்லை. அச்செய்தியின் கீழே மூன்று கட்டைவிரல் குறிகள் உள்ளன. குறியும் எண்ணிக்கையுமே ஸ்கிரீன்ஷாட்டில் தெரியும். இட்டவர் யார் என்பது தெரியாது. ஆகவே தண்ணீர் டாங்கர் என்ற பணி பட்டியலில் இடம்பெற வேண்டும். ஆனால் பொறுப்பாளர், நாள் ஆகிய இரு கட்டங்களும் வெறுமையாகவே விடப்பட வேண்டும். 'நோக்காம்' என்றவரின் பெயரை அங்கே எழுதுவது, அவர் சொல்லாத ஒன்றை அவர் மீது சுமத்துவதாகும்.

நள்ளிரவுக்குப் பின் எழுதப்படும் செய்திகள் தனிச் சிக்கல். பாத்திர வாடகைக்கான அட்வான்ஸ் 3,000 ரூபாயை 'நாளெ ராவிலெ கொடுக்காம்' என்று ஒருவர் இரவு 12:20க்கு எழுதியுள்ளார். பட்டையின்படி அது மார்ச் 7, வெள்ளி. எனவே 'நாளை காலை' என்பது சனிக்கிழமை. உறங்காமல் விழித்திருப்பவருக்கோ அது இன்னும் வியாழன் இரவே. அவர் கருதியது வெள்ளிக் காலையாகவும் இருக்கலாம். இத்தகைய இடங்களில் '7 அல்லது 8' என்று எழுதிவைத்து மேலே படிப்பதே முறை. சனிக்கிழமை காலை 10:05க்கு அதே நபர் 'அட்வான்ஸ் கொடுத்து' என்று எழுதியிருப்பது அதைத் தீர்த்துவைக்கிறது.

இங்கும் மொழி ஒரு பள்ளம் வைத்துள்ளது. தமிழில் 'கொடுத்து' என்பது எச்சம். கொடுத்து என்ன ஆயிற்று என்று மேலே எதிர்பார்ப்போம். மலையாளத்தில் அதுவே முற்று: கொடுத்தாயிற்று. வாக்கியம் பாதியில் நின்றது என்று கருதி அப்பணியை நிலுவையில் வைத்தால், கொடுத்த பணத்தை மீண்டும் கேட்க நேரும். அச்செய்தியிலேயே, பாக்கித் தொகை பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது என்றும் உள்ளது. தொகை சொல்லப்படவில்லை. நாளும் நிகழ்ச்சியுடன் கட்டப்பட்டுள்ளது. ஆகவே '13ஆம் தேதி விழா முடிந்தபின்' என்பதே அதன் தேதி.

தொகைகளைப் பொறுத்தவரை, செவ்வாயன்று பொருளாளர் எழுதியது தெளிவாக உள்ளது: மொத்தம் 18,000 ரூபாய், வீட்டுக்கு 1,500, ஒன்பதாம் தேதிக்குள். சனிக்கிழமை மாலை அவர், ஒன்பது வீட்டுப் பணம் 13,500 கிடைத்ததாக அறிவிக்கிறார். அச்செய்தியை மேற்கோளாக இணைத்து ஒருவர், 'என்றெ 1,500 இப்போள் அயச்சு' என்று பதிலளிக்கிறார். மேற்கோள் பெட்டிக்குள் 13,500 என்ற எண் மறுபடியும் தெரிகிறது. படத்திலுள்ள எண்களைக் கண்ணோட்டமாகக் கூட்டுபவருக்கு 28,500 வரும்; கேட்ட தொகையையே தாண்டிவிடும். அப்படித் தாண்டுவதே பிழைக்கு அடையாளம். உண்மையில் வந்தது 15,000. வர வேண்டியது 3,000, அதாவது இரண்டு வீடுகள். பதிலளித்தவர் வியாழனன்று 'மற்றன்னாள் தராம்' என்றவரே என்பது பெயரிலிருந்து தெரிகிறது. சொன்ன சனிக்கிழமையிலேயே அவர் அனுப்பிவிட்டதால் அவர் பெயர் நிலுவையில் வராது. தமிழ்க் காதை நம்பி வெள்ளி என்று எழுதியிருந்தால், தவணை தவறியவர் என்ற பழி அவர் மீது விழுந்திருக்கும்.

பிறர் எழுதியதைப் பகிர்ந்த செய்திகளில் 'நாளை', 'இன்று' போன்ற சொற்களை அறவே நம்பலாகாது. பகிரப்பட்ட செய்தி என்ற அடையாளத்தை வாட்ஸ்ஆப் 2018 ஜூலையில் அறிமுகம் செய்தது. அடுத்த மாதமே கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. 'இன்று காலையிலிருந்து மாடியில் சிக்கியுள்ளோம்' என்ற வகையில் தேதியின்றி எழுதப்பட்ட உதவிக் கோரிக்கைகள், அவர்கள் மீட்கப்பட்ட பின்னரும் குழுவுக்குக் குழு சுற்றிவந்தன. செய்தி பகிரப்பட்டது என்பதை அந்த அடையாளம் சொல்லியது. முதலில் எழுதப்பட்ட நேரத்தை அது சொல்லவில்லை. மாநிலத் தகவல் தொழில்நுட்ப அமைப்பும் தன்னார்வலர்களும் இணைந்து நடத்திய keralarescue.in தளத்தில் கோரிக்கைகள் தனித்தனிப் பதிவுகளாகப் பெறப்பட்டன. பகிரப்பட்ட செய்தியில் வரும் 'இன்று' என்ற சொல்லுக்கு எதிரே கேள்விக்குறி இடுவதன் தேவையை அந்த நாட்கள் கற்பித்தன.

பட்டியலில் வாக்குச் சொன்ன நாள், நிறைவேற்ற வேண்டிய நாள், பொறுப்பாளர், பணி அல்லது தொகை ஆகியவற்றுடன், அவர் எழுதிய சொற்களை எழுதியவாறே தரும் ஒரு பத்தியும் அவசியம். நாளை ஐயம் எழுந்தால் முழுப் படத்தையும் மறுபடி உருட்ட வேண்டியதில்லை. குழு உறுப்பினர் ஒருவர் உதவ முன்வந்தால், ஸ்கிரீன்ஷாட்டுக்கு மாற்றாக Export chat வழியே உரையாடலை எழுத்துக் கோப்பாகப் பெறுவது மேல். அதில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் தேதியும் நேரமும் இருக்கும்:

```
06/03/25, 9:40 pm - …
```

கைபேசியின் அமைப்பைப் பொறுத்து இது ஜூன் 3 என்றும் படிக்கப்படலாம். கோப்பில் 13/03 போன்ற ஒரு நாளைத் தேடிப் பார்த்தால், முதலில் வருவது நாளா மாதமா என்பது விளங்கிவிடும்.

நமது படத்திலிருந்து கிடைக்கும் பட்டியலின் தலைப்பில் 'மார்ச் 8, இரவு 9:14 நிலவரம்' என்று எழுத வேண்டும். அதன்கீழ் மூன்றே வரிகள்தான். மார்ச் 9: இரண்டு வீடுகள், 3,000 ரூபாய், பெயர்கள் படத்தில் இல்லை. மார்ச் 13 விழாவுக்குப் பின்: பாத்திர வாடகைப் பாக்கி, தொகை தெரியவில்லை. தேதியும் பொறுப்பாளரும் இல்லாதது: தண்ணீர் டாங்கர்.

படம் கைக்கு வந்த திங்களன்று முதல் வரியின் தவணை கடந்துவிட்டது. ஞாயிறன்று பணம் வந்துமிருக்கலாம். அதற்குப் பொருளாளரிடம் ஒரு கேள்வி போதும். டாங்கருக்கு இன்னும் இரண்டு முழு நாட்களே உள்ளன. பட்டியலை அனுப்பும்போது அந்த வரியை முதலில் வைத்து, 'இதை யார் ஏற்கிறார்?' என்ற கேள்வியையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.