தொங்கும் சங்கிலியின் கணக்கு

இரண்டு ஆணிகளுக்கு நடுவே தொங்கும் சங்கிலி பரவளையம் போலத் தெரியும். ஆனால் அது cosh x வளைவு. 1691இல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் அந்த வடிவத்தைக் கண்டறிந்தார்கள்.

வலப்பக்கம் ஏறும் eˣ, இடப்பக்கம் ஏறும் e⁻ˣ இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் cosh x. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பாதியாக்கினால் sinh x. முன்னது கிண்ணம், அதன் அடி 1இல் நிற்கும். பின்னது பூஜ்யத்தைக் கடந்து ஏறிக்கொண்டே போகும். x வளர வளர e⁻ˣ தேய்ந்து இரண்டும் நெருங்கும், ஆனாலும் தொடாது.

x = 1 எனில் 2.718, 0.368 ஆகியவற்றிலிருந்து cosh 1.543, sinh 1.175 கிடைக்கும். வர்க்கங்களைக் கழித்தால் 2.381 − 1.381 = 1. எந்த x-க்கும் விடை இதே 1தான்.

சைன், கொசைன் பழக்கத்தில் இங்கும் கூட்டிவிடாதீர்கள். சரிபார்க்க x = 0 உதவாது; அங்கே கூட்டினாலும் கழித்தாலும் 1தான் வரும். x = 1 போட்டுப் பாருங்கள்.