வயதா, எடையா: எந்த வரிசை?

அமெரிக்காவில் இருக்கும் அக்கா வாங்கிவந்த பாராசிட்டமால் சிரப் அது. 5 மில்லியில் 160 மில்லிகிராம் மருந்து. பெட்டியின் அட்டவணையில் எடை ஒரு பத்தியில், வயது ஒரு பத்தியில். 4 முதல் 5 வயதுக்கு, அதாவது 36 முதல் 47 பவுண்டுக்கு, 7.5 மில்லி. 2 முதல் 3 வயதுக்கு, 24 முதல் 35 பவுண்டுக்கு, 5 மில்லி.

நம் வீட்டுப் பிள்ளைக்கு நாலு வயது, ஆனால் ஒல்லி, 12 கிலோதான். அது சுமார் 26 பவுண்டு. வயதைப் பார்த்து 7.5 மில்லி கொடுத்தால் 240 மில்லிகிராம் உள்ளே போகும், கிலோவுக்கு 20. ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்தான் வழக்கம். எடை வரிசையின் 5 மில்லியில் கிலோவுக்கு 13 சொச்சம். அதுதான் சரி. ஒரு வேளை கூடினால் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம். காய்ச்சல் விடாமல் இரண்டு மூன்று நாள் அப்படியே கொடுத்தால்தான் கல்லீரலுக்கு ஆபத்து.

வயது என்பது எடைக்கு ஓர் ஊகம், அவ்வளவே. எடை தெரியாதபோது மட்டும் அந்தப் பத்தி. வீட்டுத் தராசில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு தனியாக நின்று கழித்தால் எடை கிடைத்துவிடும். மிகவும் பருமனான குழந்தைக்கு மட்டும் எடைக் கணக்கும் ஏமாற்றும், டாக்டரைக் கேளுங்கள்.

நம்மூர்க் கடையில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமும் உண்டு, 250-ம் உண்டு. ஒரு பாட்டிலின் அட்டவணையை இன்னொன்றுக்கு வைத்து அளக்காதீர்கள்.